கீற்றுக் கூரைக்குள் விறகடுப்பு: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: எங்கள் வீடு தென்னங்கீற்றுக் கூரை, பத்துக்கு இருபது அடி ஒரே அறை. உள்ளேயேதான் விறகடுப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு குடிசை எரிந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. ஓடு போட இப்போதைக்குப் பணம் இல்லை, அதுவரை என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் அடுப்பு வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வெளிச்சத்துக்காகவும் புகை போகவும் நிறைய வீடுகளில் வாசல் ஓரமாகவே அடுப்பு போட்டிருப்பார்கள். அங்கே கூரை பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வழியே இருக்காது. காய்ந்த கீற்றில் தீ மோட்டை எட்டிவிட்டால் சில நிமிடத்தில் கட்டுக் கயிறெல்லாம் அறுந்து, எரிகிற கூரை அப்படியே உள்ளே விழும். அதனால் அடுப்பு வாசலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டிப் போகட்டும், படுக்கிற இடம் வாசல் பக்கம் வரட்டும்.

முடிந்தால் அடுப்படியை வெளியே தனியாக, பத்தடியாவது தள்ளிப் போடுங்கள். பங்குனியிலிருந்து ஆனி வரை உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது பொறி பறந்தால் வீட்டைவிட்டு விலகிப் போகிற மாதிரி இருக்க வேண்டும். அதன் கூரைக்குத் தகரம் போதும். கீற்று வேண்டாம், வீட்டுக் கூரையோடு அதை இணைக்கவும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையற்கூடத்தின் கீற்றில் பிடித்த தீதான் வகுப்பறைகளின் கீற்றுக்கும் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. அடுப்புக்கு மேல் கீற்று, அதை ஒட்டி இன்னொரு கீற்று என்று எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

வெளியே இடமில்லை, உள்ளேதான் என்றால் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற கூரையை அண்ணாந்து பாருங்கள். கரி படிந்த ஒட்டடை நூல் நூலாகத் தொங்கும், நடுநடுவே கீற்று நுனி பிரிந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும். ஜுவாலை கூரையைத் தொடவே வேண்டாம், ஒரு பொறி மேலே போய் அந்த ஒட்டடையில் உட்கார்ந்தால் போதும். அடுப்பு ஆறிய பிறகு வாரம் ஒருமுறை ஈர விளக்குமாற்றால் அதைத் துடைத்து, நீட்டும் நுனிகளை அரிவாளால் நறுக்கிவிடுங்கள். கூரை வேயும்போது பழைய கீற்றின் மேலேயே புதுசைப் போர்த்துகிற வழக்கமும் ஆபத்து, உள்ளே மக்கிப் பொடியாகிக் கிடப்பதுதான் முதலில் பற்றும்.

அப்புறம் தகரம். நாலடிக்கு நாலடித் தகடு ஒன்றை அடுப்புக்கு மேலே கட்டுக்கம்பியால் தொங்கவிடுங்கள், கயிற்றால் கட்டாதீர்கள். தகரத்துக்கும் கீற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கட்டாயம் வேண்டும். பலர் தகரத்தைக் கூரையோடு ஒட்ட ஆணி அடித்துவிடுகிறார்கள், தகரம் சூடேறி அந்தச் சூடு நேராகக் கீற்றுக்குத்தான் போகிறது. அடுப்புக் கல்லிலிருந்து தகரம் வரை ஓர் ஆள் உயரமாவது இருக்கட்டும்.

கூரை முழுக்க மண் பூசலாமா என்று கேட்பீர்கள். பூசினால் தீ சீக்கிரம் பிடிக்காது, உண்மைதான். ஆனால் கனத்தைக் கணக்குப் போடுங்கள். ஓர் அங்குலக் கனத்தில் பூசினால் சதுர மீட்டருக்கு நாற்பது கிலோவுக்கு மேல் வரும். உங்கள் கூரை சரிவோடு சேர்த்து ஏறக்குறைய 250 சதுர அடி இருக்கும், ஆகவே ஒரு டன்னை ஒட்டி வரும். பழைய மூங்கில் அதைத் தாங்காது, வெளிப்பூச்சு மழையிலும் கரையும். அதனால் அடுப்புக்கு மேலே உட்பக்கம் மட்டும் நாலடிக்கு நாலடி, அரை அங்குலம் பூசுங்கள். முப்பது கிலோவை ஒட்டித்தான் வரும். களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் குழைத்து ஒரு நாள் புளிக்கவிட்டுப் பூசினால் நன்றாகப் பிடிக்கும். வெடிப்பு விட்டால் மறுபடி மெழுகிவிடுங்கள்.

சாம்பலைப் பற்றி அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மேலே ஆறின மாதிரி தெரியும், உள்ளே கங்கு மறுநாள் காலை வரை கூட உயிரோடு இருக்கும். அதை இறவாரத்துக்குக் கீழே கொட்டினால் மதியக் காற்றில் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டு, வீட்டை விட்டுத் தள்ளிக் குழியில் கொட்டச் சொல்லுங்கள்.

வாசலுக்கு வெளியே இரண்டு குடம் தண்ணீரும் ஒரு நீளத் துறட்டியும் எப்போதும் இருக்கட்டும். ஒரு கீற்று மட்டும் பிடித்தால் துறட்டியால் அதைக் கீழே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம். மோட்டுக்கு ஏறிவிட்டால் எதையும் எடுக்க உள்ளே போகாதீர்கள், எல்லோரும் வெளியே வந்து 101க்குப் போன் பண்ணுங்கள். ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் வாசல் ஓரமாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தால் வெளியே ஓடும்போதே கையில் எடுத்துக்கொள்ளலாம்.