மெசேஜ் தாமதமாக வருகிறது என்று போனை மாற்றலாமா?

கேள்வி: புது ஆண்ட்ராய்டு போன் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்ஆப் மெசேஜ், ஆபீஸ் சாட் எதுவும் நேரத்துக்கு வருவதில்லை, போனை எடுத்து லாக் திறந்தால் மொத்தமாக வந்து கொட்டுகிறது. கால் மட்டும் ஒழுங்காக வருகிறது. கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா? இல்லை, பேட்டரி ஆப்டிமைசேஷனை மொத்தமாக நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் சார்ஜ் நிற்காதோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு மாற்றவும் வேண்டாம், மொத்தமாக நிறுத்தவும் வேண்டாம். லாக் திறந்ததும் எல்லாம் ஒன்றாக வருகிறது, கால் மட்டும் சரியாக வருகிறது என்கிறீர்கள் அல்லவா, அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போனில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. சாதாரணக் காலும் எஸ்எம்எஸ்ஸும் மொபைல் நெட்வொர்க் வழியாக நேரடியாக வருபவை, பேட்டரி அமைப்புகள் அவற்றைத் தடுப்பதில்லை. இன்டர்நெட் வழியாக வரும் செயலிகள்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஆண்ட்ராய்டு 6 வெளிவந்த 2015-லிருந்தே டோஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால் அது படிப்படியாகத் தூங்கப் போகும். செயலிகளுக்கு நெட் கிடைக்காது, இடையிடையே சில நிமிடம் மட்டும் வாசல் திறக்கும், நேரம் போகப் போக அந்த இடைவெளியும் நீளும். ஆனால் சாட் செயலிகளின் சர்வர்கள் பொதுவாக மெசேஜை "அவசரம்" என்று குறித்தே அனுப்புகின்றன, அப்படிக் குறித்தது வந்தால் டோஸில் இருக்கும் போனும் விழித்துக்கொள்ளும். அதனால் வெறும் ஆண்ட்ராய்டின் சிக்கனம் மட்டும் என்றால் வாட்ஸ்ஆப் மணிக்கணக்கில் தாமதமாக வரக் காரணமில்லை.

சிக்கல் பெரும்பாலும் அதற்கு மேல் போன் தயாரிப்பாளர் சேர்த்திருக்கும் சிக்கனத்தில் இருக்கிறது. பயன்படுத்தாத செயலியை அது தூங்க வைப்பதோடு நிற்காமல் சில போன்களில் முழுதாகவே நிறுத்திவிடும், ஆண்ட்ராய்டிலுள்ள `Force stop` பட்டனை அழுத்தியது போல. அப்படி நிறுத்தப்பட்ட செயலியை அவசர மெசேஜாலும் எழுப்ப முடியாது, நீங்களே போய்த் திறந்தால்தான் உண்டு. உங்களுக்கு லாக் திறந்ததுமே எல்லாம் வந்துவிடுவதால், உங்கள் போன் செயலியை முழுதாக நிறுத்தாமல் தூங்க வைப்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஊகத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள், முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பைக் கம்ப்யூட்டரிலும் இணைத்திருந்தால் அதிலிருந்து லாக் அவுட் செய்துவிடுங்கள், ஏனென்றால் மெசேஜ் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தாலும் அனுப்பியவருக்கு இரண்டு டிக் விழுந்துவிடும், சோதனை கெட்டுப்போகும். போனைச் சார்ஜரில் போடாமல், திரையை அணைத்து, மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடாமல் வையுங்கள். பையிலோ பாக்கெட்டிலோ வேண்டாம், அசைந்துகொண்டே இருந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்கே போகாது. அப்புறம் வீட்டில் ஒருவரை ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லி, அவர் போனில் எத்தனை டிக் என்று கேளுங்கள். நெட் இருந்தும் ஒரே டிக் என்றால் உங்கள் போனில் வாட்ஸ்ஆப் விழிக்கவில்லை. இரண்டு டிக் விழுந்தும் உங்களுக்குச் சத்தம் வரவில்லை என்றால் மெசேஜ் வந்துவிட்டது, பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நோட்டிபிகேஷன் சைலன்ட்டில் இருக்கிறதா, `Do Not Disturb` போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே டிக்தான் என்று வைத்துக்கொள்வோம். அதே சோதனையைச் சார்ஜரில் செருகியபடி ஒருமுறை செய்யுங்கள். சார்ஜ் ஏறும்போது டோஸ் வேலை செய்யாது, அதனால் அப்போது மட்டும் உடனே வந்தால் காரணம் பேட்டரி அமைப்புதான் என்று கிட்டத்தட்ட உறுதி. சார்ஜரிலும் வரவில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செயலி முன்பே முழுதாக நிறுத்தப்பட்டிருக்கலாம். இன்னொன்று, நெட்டில் தடை இருக்கலாம், அதை வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதித்தால் தெரிந்துவிடும். ஆபீஸ் வைஃபையில் மட்டும் தாமதம் என்பவர்கள் பலருக்கு அங்குள்ள ஃபயர்வால்தான் காரணம், போன் பாவம் ஒன்றும் செய்யவில்லை.

இனி சரிசெய்வது. அந்தச் செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து `App info` போய், பேட்டரி பகுதியைத் திறங்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து பொதுவாக அங்கே `Unrestricted`, `Optimized`, `Restricted` என்று மூன்று இருக்கும். `Unrestricted` வையுங்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு "மாற்றியும் பிரயோஜனமில்லை" என்று அலுத்துக்கொள்கிறார்கள். தயாரிப்பாளரின் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. சாம்சங்கில் பேட்டரி அமைப்பிலுள்ள `Background usage limits` உள்ளே `Deep sleeping apps` பட்டியலில் உங்கள் செயலி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஷாவ்மி போன்களில் `Autostart` என்பதை அந்தச் செயலிக்குத் தனியாக ஆன் செய்ய வேண்டும். வேறு நிறுவனங்களிலும் இது போல ஏதோ ஒரு பெயரில் இருக்கும், dontkillmyapp.com தளத்தில் நிறுவனம் வாரியாக வழி எழுதியிருக்கிறார்கள் (அடுத்த போன் வாங்கும் முன்பும் ஒரு நடை அங்கே பார்ப்பது நல்லது). பேட்டரி சேவர், மெமரி கிளீனர் என்று தனியாக ஏதாவது செயலி போட்டிருந்தால் தயங்காமல் நீக்கிவிடுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு இந்த அமைப்புகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள், சில போன்களில் பழையபடி மாறிவிடும்.

சரி, சார்ஜ் விஷயம். சாட் செயலிகளுக்கு நீங்கள் பயப்படுகிற அளவு செலவு இல்லை. காரணம், பெரும்பாலான செயலிகளின் நோட்டிபிகேஷன்கள் கூகுள் ப்ளே சர்வீசஸ் வைத்திருக்கும் ஒரே பொது இணைப்பு வழியாகத்தான் வருகின்றன. அது எப்படியும் திறந்தே இருக்கிறது, வாட்ஸ்ஆப்பை `Unrestricted` ஆக்கினால் அதற்காக இன்னொரு இணைப்பு திறக்கப் போவதில்லை. மெசேஜ் வரும்போது செயலி சிறிது நேரம் விழிக்கும், அவ்வளவுதான். அடிக்கடி தானே போய் சர்வரைக் கேட்கும் சில மெயில் செயலிகள், தனக்கென்று ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் செயலிகள், பின்னணியில் வீடியோவும் படமும் இறக்கி வைக்கும் சமூக ஊடகச் செயலிகள், இவைதான் சார்ஜைத் தின்பவை. அதனால்தான் மொத்தமாக நிறுத்த வேண்டாம் என்றேன். ஆப்டிமைசேஷனை எல்லாவற்றுக்கும் எடுத்துவிட்டால் உங்களுக்குத் தேவையே இல்லாத ஷாப்பிங் செயலியும் கேமும் இரவெல்லாம் விழித்திருக்கும்.

பத்து நிமிடம் தாமதமானால் உங்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் என்கிற செயலிகளை மட்டும் விடுவியுங்கள். உங்களுக்கு வாட்ஸ்ஆப், ஆபீஸ் சாட், பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கேட்கும் வங்கிச் செயலி இருந்தால் அதுவும். மற்றவை `Optimized`-லேயே இருக்கட்டும், மாதக்கணக்கில் திறக்காதவற்றை `Restricted` ஆக்கிவிடலாம். இரண்டு மூன்று நாள் கழித்து பேட்டரி பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, விடுவித்த செயலிகளின் பின்னணிச் செலவைப் பாருங்கள். அதில் ஒன்று மட்டும் பட்டியலில் மேலே ஏறி வந்திருந்தால் அதைத் திரும்ப `Optimized`-க்கு மாற்றுங்கள். இன்னொன்று, சார்ஜ் குறைந்ததும் தானாக ஆன் ஆகும் `Battery Saver` இருந்தால், அது ஓடும் நேரத்தில் மெசேஜ்கள் பிந்தலாம், மாலையில் மட்டும் தாமதம் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு, மொபைல் டேட்டாவிலும் வைஃபையிலும் மேசைச் சோதனையில் ஒரே டிக்கிலேயே நின்றால், அப்போது கடைக்குப் போங்கள். திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ எத்தனை நாள் அவகாசம் என்று பில்லில் இன்றே பார்த்துக்கொண்டு, அது முடிவதற்குள் சோதனையை முடித்துவிடுங்கள். மெசேஜ் அனுப்பிய நேரமும் ஒரே டிக்கும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை, அனுப்பியவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "மெசேஜ் லேட்டா வருது" என்று வாயால் சொன்னால் ரீசெட் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள், ரீசெட்டுக்குப் பிறகு நீங்கள் மாற்றிய அமைப்புகளும் போயிருக்கும்.