அம்மாவின் கர்ப்பப்பை மகளுக்குப் பொருந்துமா?

"எனக்கு 27 வயது. கர்ப்பப்பை இல்லாமலே பிறந்தவள். சினைப்பைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனால் சிறுநீரகம் ஒன்றுதான் என்று ஸ்கேனில் தெரிந்தது. திருமணமாகி இரண்டு வருடம். 'என் கர்ப்பப்பையை நீ வெச்சுக்கோ' என்கிறார் 54 வயது அம்மா. இது நடக்கிற காரியமா டாக்டர்?"

நடக்கிற காரியம்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அம்மாவின் கர்ப்பப்பையை அல்ல, உங்கள் ஒற்றைச் சிறுநீரகத்தை.

மாற்றுக் கர்ப்பப்பையில் முதன்முதலாகப் பிள்ளை பெற்ற பெண்ணின் கதை உங்களுடையதைப் போன்றதே. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் டாக்டர் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழுவினர் 2013-ல் அவருக்குச் சிகிச்சை செய்தார்கள். வயது 35, பிறவியிலேயே கர்ப்பப்பை கிடையாது, சிறுநீரகம் ஒன்றே. கர்ப்பப்பை தந்தவர் மாதவிடாய் நின்றுபோன 61 வயதுப் பெண். எனவே அம்மாவின் வயது மட்டுமே தடையாகிவிடாது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்காமல் இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

அறுவைக்கு முன்பே தம்பதியின் கருக்களை ஐவிஎஃப் முறையில் உருவாக்கி உறைய வைத்தார்கள். மாற்றுச் சிகிச்சையில் கருக்குழாய்களை இணைப்பதில்லை, அதனால் இயற்கையாகக் கரு தங்க வழியில்லை. அறுவை முடிந்த 43-ம் நாள் அவருக்கு வாழ்க்கையில் முதல் மாதவிடாய் வந்தது. கர்ப்பப்பை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஒரு வருடம் காத்திருந்து ஒரே ஒரு கருவை வைத்தார்கள், தங்கியது.

இனி மருந்துகள். அடுத்தவர் உறுப்பை உடல் தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். அவர் எடுத்தவை டாக்ரோலிமஸ், அசதயோப்ரின், ஸ்டீராய்டு. இதே வகையைச் சேர்ந்த மைக்கோஃபினோலேட் என்ற மருந்து மட்டும் கருவில் ஊனம் உண்டாக்கும் என்பதால், கரு வைப்பதற்குப் பல வாரங்கள் முன்பே அதை நிறுத்திவிடுவார்கள். உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ வராது, ஏனென்றால் நரம்புகள் இணைக்கப்படுவதில்லை. கருப்பை வாயிலிருந்து துளி சதையைக் கிள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை லேசான நிராகரிப்பு வந்தது, அதில் ஒன்று கர்ப்பத்தின்போது. மூன்றும் ஸ்டீராய்டில் அடங்கின.

உங்கள் சிறுநீரகம் குறுக்கே வருவது இங்கேதான். டாக்ரோலிமஸ் சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து, ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். கர்ப்பமும் அதே சிறுநீரகத்தின் மேல்தான் சுமை ஏற்றும். அந்தப் பெண்ணுக்கு 31 வாரம் 5 நாளில் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வந்து, குழந்தையின் இதயத் துடிப்பும் தடுமாறியதால் சிசேரியன் செய்தார்கள். 2014 செப்டம்பரில் பிறந்த அந்த ஆண் குழந்தையின் எடை 1,775 கிராம். நலமாக இருந்தான். ஒற்றைச் சிறுநீரகம் அந்த ரத்தக்கொதிப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. அந்தக் குழு சிகிச்சை செய்த ஒன்பது பேரில் இருவருக்கு, ரத்தக்கட்டியாலும் தொற்றாலும், சில மாதங்களுக்குள் கர்ப்பப்பையை அகற்ற நேர்ந்தது. அமெரிக்காவின் டல்லாஸில் 20 பேருக்குச் செய்ததில் 14 பேருக்கு உறுப்பு நிலைத்தது. அந்த 14 பேருமே பிள்ளை பெற்றார்கள். மற்ற ஆறு பேர் பெரிய அறுவையைத் தாங்கியும் வெறுங்கையோடு திரும்பினார்கள். தந்தவர்களும் வீணாக வயிற்றைத் திறந்துகொண்டார்கள் என்பதை நினைக்கும்போது மனசு கனக்கிறது.

அம்மாவுக்கு இது சாதாரணக் கர்ப்பப்பை நீக்கம் அல்ல. ரத்தக் குழாய்களையும் நீளமாகச் சேர்த்து எடுக்க வேண்டும். மெல்லிய சிரைகள் சிறுநீர் இறங்கும் குழாயைப் பின்னிக்கொண்டு கிடக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஸ்வீடனில் இதற்கு மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. தந்தவர்களில் ஒருவருக்கு அந்தக் குழாயில் ஓட்டை விழுந்து, சிறுநீர் பிறப்புறுப்பு வழியே கசிந்தது. மறு அறுவை செய்துதான் சரியானது. இறந்தவரிடமிருந்து பெறும் வழியும் உண்டு. பிரேசிலின் சாவோ பாலோவில் அப்படிப் பெற்ற கர்ப்பப்பையில் 2017-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

ஒரு ஆறுதல், இந்த மருந்துகள் ஆயுள் முழுக்க அல்ல. ஒன்றோ இரண்டோ பிள்ளை பெற்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு மருந்தையும் நிறுத்திவிடுவார்கள்.

எனவே ஒரு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தால்தான் மேலே பேச முடியும். சரியில்லை என்றால், சினைமுட்டைகள் உங்களுடையவை என்பதால், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வாடகைத்தாய் வழி இருக்கிறது. சிறுநீரக மருத்துவர் பதில் சொல்லும்வரை அம்மாவை எந்தப் பரிசோதனைக்கும் அழைத்துப் போகாதீர்கள்.