799 ரூபாய் லட்டும் சாம்பல் பூத்த மணப்பெண்ணும்

கல்யாண வேலைக்காக 799 ரூபாய் கொடுத்து ‘சினிமாட்டிக்’ லட் பேக் வாங்கினேன். எஸ்-லாக் 3-ல் எடுத்த முகூர்த்தத்துக்குப் போட்டால் மணப்பெண் சாம்பல் பூத்த மாதிரியே இருக்கிறாள், மேலே ஒரு பச்சைச் சாயம் மட்டும் ஏறுகிறது. பேக் போலியா?
– வீடியோகிராஃபர், கும்பகோணம்

பேக் மேல் இப்போதைக்குப் பழி போட வேண்டாம். லட் என்பது படத்தின் நிறத்தை மாற்றும் ஒரு பெரிய வாய்ப்பாடு, அவ்வளவுதான். இந்த எண் உள்ளே வந்தால் அந்த எண்ணை வெளியே கொடு என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் .cube கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அனேகமாக இப்படித்தான் தொடங்கும்:

```
LUT_3D_SIZE 33
0.000000 0.000000 0.000000
```

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 33 படி என்பதால் இந்த மாதிரி 35,937 வரிகள் ஓடும். உங்கள் கேமரா எது, எந்த லாக்கில் எடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அது கேட்கவும் கேட்காது.

எஸ்-லாக் 3 என்பது வெளிச்சமும் நிழலும் தொலையாமல் இருக்க சோனி கேமரா படத்தை ஒடுக்கிப் பதியும் லாக் முறை. அதில் சரியான எக்ஸ்போஷரில் எடுத்த வெள்ளை வேட்டி, வெளிச்சத்தை 0 முதல் 100 வரை காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் சுமார் 58-ல் நிற்கும். கறுப்பு 9-க்குப் பக்கத்தில் தொங்கும். மேலே விளக்கு வெளிச்சத்துக்கு இடம் விட்டு, மீதிப் படம் நடுவில் ஒடுங்கிக் கிடப்பதால்தான் சாம்பலாகத் தெரிகிறது. டிவிக்கான ரெக் 709 படத்திலோ வேட்டி உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், கறுப்பு அடியில் உட்கார்ந்திருக்கும். உங்கள் லட் அந்த 709 படத்துக்காகச் செய்ததாகத் தெரிகிறது. அதன் கணக்கில் 58 என்றால் நல்ல வெளிச்சத்தில் இருக்கும் முகம். உங்கள் வேட்டியை முகம் என்று நினைத்துக்கொண்டு முகத்துக்கான சாயத்தை அதில் பூசுகிறது. நிறத்திலும் இதே கூத்துதான். எஸ்-லாக்கோடு வரும் கலர் ஸ்பேஸ் ரொம்ப அகலமானது. குங்குமச் சிவப்புக்கு அதில் எழுதிய எண்களை 709 எண்களாகப் படித்தால் குங்குமம் வெளிறிப்போகும்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். மூன்று நோட், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தும் மூன்று கட்டம், போடுங்கள். முதல் நோட் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் திருத்த. இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும். இரண்டாவதில் Color Space Transform-ஐ இழுத்துப் போட்டு, Input Color Space-ல் S-Gamut3.Cine, Input Gamma-வில் S-Log3, Output Color Space-ல் Rec.709, Output Gamma-வில் Gamma 2.4 வையுங்கள். மூன்றாவதில் லட். அதை உடனே ஆன் செய்யாதீர்கள். இரண்டாவது நோட் முடிந்ததும் முகம் முகமாக, வேட்டி வேட்டியாக, டிவியில் பார்க்கும் சாதாரணப் படமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கோளாறு அதற்கு முன்னால்தான் இருக்கிறது; எந்த லட்டும் அதைச் சரிசெய்யாது. அப்புறம் லட்டை ஆன் செய்து, சாயம் அதிகம் என்றால் அந்த நோடின் Key Output Gain-ஐ 1-லிருந்து 0.5-க்கு இறக்குங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சோனி கேமராவின் பிக்சர் ப்ரொஃபைலில் PP8 வைத்தால் S-Gamut3.Cine, PP9 வைத்தால் S-Gamut3. இரண்டாவது கேமராமேன் PP9-ல் எடுத்திருந்தால் அவர் கிளிப்புகளுக்கு Input-ஐ மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே புடவை இரண்டு புடவையாகும்.

விளம்பரத்தில் ஏன் அழகாக இருந்தது? ‘முன்’ என்று காட்டுவது வெறும் லாக். ‘பின்’ என்று காட்டுவது மாற்றிய படத்தின் மேல் லட். நீங்கள் வியந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த மாற்றம் தந்தது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. சோனி, பானாசோனிக், டிஜேஐ எல்லாருமே தங்கள் லாக்கை 709-க்கு மாற்றும் லட்டை இலவசமாகவே தருகிறார்கள்.

மொபைலில் எடுத்த சாதாரண வீடியோவுக்கு ‘S-Log3 to Rec709’ என்ற லட் போட்டேன். முகம் தீய்ந்து, தலைமுடி கரிக்கட்டி ஆகிவிட்டது. வேறு எந்த லட் வாங்கலாம்?
– மாணவர், விருதுநகர்

ஒன்றும் வாங்க வேண்டாம். ஏற்கனவே 709-ல் இருப்பதை 709 ஆக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். கோப்பின் பெயரை ஒருமுறை வாசித்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை.

சொன்னபடி மாற்றிவிட்டுத்தான் லட் போடுகிறேன். ஆனாலும் மேடையில் எல்லார் முகமும் வெளுத்திருக்கிறது. லாக்கில் இரண்டு ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தேன்.
– திருமண ஒளிப்பதிவாளர், ஈரோடு

கூட்டி எடுத்தது தப்பில்லை, நிழலில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸ் குறையும். எடுத்ததை இறக்காமல் விட்டதுதான் தப்பு. ‘கூட்டு’ என்றவர் ‘அப்புறம் குறை’ என்றும் சொல்லியிருப்பார், நீங்கள் பாதி வீடியோவில் எழுந்து போயிருப்பீர்கள்.

எஸ்-லாக் 3-ல் 18 சதவீத கிரே கார்டு 41-ல் நிற்க வேண்டும். இரண்டு ஸ்டாப் கூட்டினால், அதாவது வெளிச்சத்தை நான்கு மடங்காக்கினால், 56-க்கு ஏறிவிடும். வெள்ளைக்கு உரிய இடமே 58 என்று மேலே சொன்னேன். அதாவது உங்கள் கிரே கார்டு கிட்டத்தட்ட வேட்டி உயரத்துக்கு வந்துவிட்டது. மாநிற முகமும் கூடவே ஏறியிருக்கும். மாற்றும் நோடுக்கும் லட்டுக்கும் அது வெள்ளைதான்.

முதல் நோடைக் காலியாக விடச் சொன்னேனே, அது இதற்குத்தான். அங்கே Offset-ஐ இறக்குங்கள். ஒரு ஸ்டாப்புக்கு வேவ்ஃபார்மில் ஏறத்தாழ எட்டு, இரண்டுக்குச் சுமார் பதினைந்து இறங்க வேண்டும். லட்டுக்குப் பின்னால் இறக்கினால் முகம் சரியாகாது, வெளுத்தது வெளுத்தபடியே சாம்பலாகும். லட் வெட்டித் தள்ளியது திரும்பி வராது. கேமராவிலேயே வெடித்துப்போயிருந்தால் முன்னால் இறக்கியும் பயனில்லை.

ரிசால்வோடு வரும் ‘Rec709 Kodak 2383 D65’ லட்டைப் போட, பெயரைப் பார்த்து ரெக் 709-க்கு மாற்றிவிட்டுப் போட்டேன். பட்டுப்புடவை மடிப்பெல்லாம் கறுப்பாகிவிட்டது. லாக்கிலேயே நேராகப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. எது சரி?
– எடிட்டர், கோயம்புத்தூர்

இரண்டும் சரியில்லை. ஆனால் குற்றம் உங்களுடையது இல்லை, பெயர் வைத்தவர்களுடையது. அந்த Rec709 என்பது லட்டிலிருந்து வெளியே வருவதைச் சொல்கிறது. D65 திரையின் வெள்ளை. உள்ளே என்ன போக வேண்டும் என்று பெயரில் இல்லவே இல்லை. 2383 என்பது தியேட்டர் பிரிண்டுக்கான கோடக் பிலிம். ஸ்கேன் செய்த நெகட்டிவ், சினியான் என்ற லாக்கில் அதற்குள் போவதாகக் கணக்கு. ஆகவே Color Space Transform-ல் Output Color Space-ல் Rec.709, Output Gamma-வில் Cineon Film Log, Tone Mapping-ல் None. அதன் பிறகு லட். எஸ்-லாக் 3-ன் வளைவு சினியானுக்குக் கிட்டத்தில் இருப்பதால்தான் நேராகப் போட்டபோது ‘பரவாயில்லை’ என்று பட்டது. ஆனால் சினியானில் வெள்ளை 67, எஸ்-லாக்கில் 58. வண்ணமும் மாறாமலே போகிறது. அதனால் படம் மங்கும், புடவை வெளிறும். ஒரு எச்சரிக்கை: இந்த லட்டின் Gain-ஐப் பாதியாக்காதீர்கள். லாக்கிலிருந்து திரைக்குக் கொண்டுவரும் வேலையையும் இதுவே செய்வதால், பாதியாக்கினால் பழைய சாம்பல் மறுபடி கலக்கும்.

பெயர் என்றதும் என் பழைய கோபம் கிளம்புகிறது. சாதாரண பிஸ்கட் பாக்கெட்டிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் விற்கும் லட்டுக்கு ‘உள்ளே போவது எஸ்-லாக் 3’ என்று அரை வரி எழுத ஏன் கை வரவில்லை? எழுதினால் மற்ற கேமராக்காரர்கள் வாங்க மாட்டார்கள், அதுதான். நானே 300 லட் என்று 1,500 ரூபாய் அழுதிருக்கிறேன். ஃபோல்டரைத் திறந்தால் ‘கோல்டன் 01’, ‘கோல்டன் 02’. கறுப்பிலிருந்து வெள்ளை வரை சீராக ஏறும் ஒரு படத்தை வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு வேவ்ஃபார்மைப் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. சாய்கோடு லேசாக வளைந்து, அடியும் உச்சியும் அதனதன் இடத்திலேயே இருந்தால் அது 709 படத்துக்கானது. முதல் பத்தில் ஒரு பங்கு தரையோடு படுத்து, பிறகு செங்குத்தாக ஏறி, உச்சிக்கு முன்பே தட்டையானால் ஏதோ ஒரு லாக்குக்கானது. எந்த லாக் என்பது விற்றவருக்கே வெளிச்சம். சில கோப்புகளில் பெயர்தான் வேறு, எண்கள் அச்சு அசல் ஒன்றே.

‘எந்தக் கேமராவுக்கும் பொருந்தும், ஒரே கிளிக்’ என்ற விளம்பரத்தை நம்பி, பார்ட் டைம் வேலையில் சேர்த்த 2,400 ரூபாயைக் கொடுத்தேன். வந்ததில் எஸ்-லாக் 3 லட்டுகள் மட்டுமே. என்னிடம் இருப்பது கேனன், சி-லாக் 3. ‘டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது’ என்கிறார். சின்னச் சின்ன ஷூட்டிங் எடுத்துத்தான் பிழைக்கிறேன்.
– வாசகி, திருநெல்வேலி

அந்த விளம்பரம் பொய். நடுத்தர கிரே கேனன் சி-லாக் 3-ல் 34-ல் நிற்கும், எஸ்-லாக் 3-ல் 41-ல். இரண்டுக்கும் ஒரே வாய்ப்பாடு எப்படிப் பொருந்தும்? ‘பணம் திரும்பாது’ என்று எழுதி வைத்துவிட்டால் பொய் விளம்பரம் நியாயமாகிவிடாது. விளம்பரத்தை அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பணம் அனுப்பிய ரசீதையும் அவர் அனுப்பிய பதிலையும் சேர்த்து வையுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ‘தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று அவர் வாதாடலாம். சுயதொழில் செய்து பிழைப்பவர் அதற்காக வாங்கியதை 2019-ம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கம் என்று பார்ப்பதில்லை. மாவட்ட ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

பணம் வரும்வரை வேலை நிற்க வேண்டாம். Color Space Transform-ன் Input-ல் உங்கள் கேனனில் வைத்த கலர் ஸ்பேஸும் Canon Log 3-ம், Output-ல் S-Gamut3.Cine-ம் S-Log3-ம், Tone Mapping-ல் None. படம் அப்போதும் சாம்பலாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். அடுத்த நோடில் அந்த 2,400 ரூபாய் லட்டைப் போடுங்கள், முகம் முகமாக வரும்.