பாதியில் நிறுத்தினால் கிருமி பலமாகிவிடுமா?

கேள்வி: எனக்கு 48 வயது. நாலு நாளாகத் தடிமன், தொண்டை நோ, இருமல். முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சலும் இருந்தது. நேற்றிலிருந்து சளி பச்சையாக வருகிறது. மகனுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் கப்சூல் வீட்டில் இருந்தது, இரண்டு போட்டுவிட்டேன். இனி நிறுத்தினால் கிருமி பலமாகிவிடும், ஐந்து நாளும் போட்டே ஆகவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மிச்சத்தைப் பார்மசியில் வாங்கிப் போடவா? விட்டால் சளி நெஞ்சுக்குள் இறங்கிவிடுமா டொக்டர்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம். மூன்றாவது கப்சூலும் வேண்டாம். நீங்கள் போட்ட இரண்டும் இதற்குள் சிறுநீரோடு போயிருக்கும்.

"மருந்தை முழுவதும் போட்டு முடியுங்கள்" என்பது நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கிய வசனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது காசநோய் போல, பக்டீரியாவால் வந்த நோய்க்கு மருத்துவர் பார்த்துத் தந்த மருந்துக்கு. கொஞ்சம் சுகமானதும் விட்டுவிடுகிறார்களே, அவர்களுக்குச் சொன்னது. தடிமனுக்கு நீங்களாக எடுத்துப் போட்ட கப்சூலில் முடிப்பதற்கு எதுவும் இல்லை. கூடுதலாகப் போடுகிற ஒவ்வொன்றும் நீங்கள் பயப்படுகிற அதே காரியத்தைத்தான் செய்யும்.

எப்படி என்றால், அமொக்சிசிலினுக்குத் தெரிந்தது ஒரே வேலை. பக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டுவதை அது தடுக்கும். சுவர் பலவீனமாகி அந்தக் கிருமி வெடித்துச் சாகும். தடிமனைத் தருகிற வைரசுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. அது உங்கள் மூக்கின் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ளதையே பயன்படுத்திப் பெருகுகிறது. இன்ஃபுளுவென்சா காய்ச்சலும் இப்படித்தான். அதற்கு வைரசைத் தாக்கும் வேறு மருந்து இருக்கிறது. கர்ப்பிணிகள், முதியவர்கள் போன்றோருக்கு முதல் இரண்டு நாளுக்குள் மருத்துவர் தருவார். அது அமொக்சிசிலின் போன்ற அன்டிபயோட்டிக் அல்ல.

மூக்கில் வேலை இல்லாவிட்டால் கப்சூல் சும்மா இருக்குமா? குடலுக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கான பக்டீரியா நமக்குத் தொந்தரவு தராமல் வாழ்கின்றன. மருந்துக்கு அடங்குபவை செத்துவிடும். அடங்காதவை முன்பும் இரண்டொன்று இருந்திருக்கும், இப்போது போட்டிக்கு ஆள் இல்லாததால் அவை பெருகிவிடும். அடங்காமல் இருக்கும் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்குக் கடத்திவிடவும் அவற்றால் முடியும். மருந்தை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் அவை குடலில் தங்கும். கழிவறை, சமையலறை வழியாக வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் போகும். "என் உடம்புக்கு இந்த மருந்து பழகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். பழகுவது உடம்பு அல்ல, உள்ளே இருக்கும் கிருமி.

கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். வயது ஐம்பத்தைந்துக்கு மேல், நீரிழிவும் உண்டு. தடிமன் பிடித்தால் பார்மசியில் கேட்டு மூன்று நாளுக்கு அன்டிபயோட்டிக் வாங்கிப் போடுவது வழக்கம், வருடத்துக்கு நாலைந்து தடவை. (துண்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதுதான் சட்டம். கவுண்டரில் நடப்பது உங்களுக்கே தெரியும்.) ஒரு நாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிவு, இடுப்பில் நோ. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் ஈ. கோலை, அதாவது குடலில் வாழும் சாதாரணக் கிருமி. அமொக்சிசிலின், கோ-அமொக்சிக்லாவ், செஃபுரொக்சைம், சிப்ரோஃப்ளொக்சசின், வாயால் தரக்கூடிய ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வேலை செய்யாது' என்ற குறி. மிஞ்சியது ஊசி மருந்துதான். ஒரு குளிசை அட்டையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டியவரை வார்டில் வைத்து, ஒரு வாரம் நரம்பு வழியாக மெரோபெனம் ஏற்றினோம். அவர் போட்ட குளிசைகள்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, இப்படிப்பட்ட கிருமி வேறு வழியாகவும் வரும். ஆனால் அடிக்கடி அன்டிபயோட்டிக் போட்டவர்களிடம் இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது எனக்கு ஆச்சரியம் வருவதில்லை.

"போன தடவை போட்டதும் மூன்று நாளில் சுகமானதே" என்பீர்கள். நாட்காட்டியைப் பாருங்கள். தடிமன் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏழு முதல் பத்து நாளில் தானாக வடியும். நாலாம் நாள் பொறுமை போய்க் குளிசை போடுகிறீர்கள், ஏழாம் நாள் சுகம். பேர் குளிசைக்கு! கொத்தமல்லி அவித்துக் குடித்திருந்தாலும் அதே ஏழாம் நாள்தான். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கும், அதற்கும் பயம் வேண்டாம்.

பச்சைச் சளியும் அப்படியே. கிருமியோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமான ஒரு நொதி இருக்கிறது. அவை நிறையச் சேர்ந்தால் சளி பச்சையாகும். வைரஸ் தடிமனிலும் இது நடக்கும். நிறத்தைப் பார்த்து மருந்து தீர்மானிப்பதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. காய்ச்சல் விட்டு, உடம்பு தேறிக்கொண்டு வந்து, பிறகு திடீரென்று மறுபடி காய்ச்சல் ஏறினால், அது தடிமனின் வேலை இல்லை. வைரஸ் புண்ணாக்கிய சுவாசப்பாதையில் பக்டீரியா குடியேறி நியூமோனியா ஆகியிருக்கலாம், குறிப்பாக இன்ஃபுளுவென்சாவுக்குப் பிறகு. அதோடு மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, படியேறாமலே மூச்சு வாங்குவது, இரத்தம் கலந்த சளி இருந்தால் அன்றே காட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் மூச்சை எண்ணலாம். பத்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, நெஞ்சு ஏறி இறங்குவதை மகன் ஒரு முழு நிமிடம் எண்ணட்டும். எண்ணுவதை உங்களிடம் சொல்லாமல் எண்ண வேண்டும், சொன்னால் மூச்சு மாறிவிடும். வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 24ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள், 30ஐத் தொட்டால் நேரே ஆஸ்பத்திரி. அப்படியான நிலையில் அன்டிபயோட்டிக் உயிர் காக்கும் மருந்து, நானே தயங்காமல் எழுதுவேன்.

கொழும்பில் இருப்பதால் இன்னொன்று. மூக்கொழுகலோ இருமலோ இல்லாமல் கடும் காய்ச்சல் வந்தால் தடிமன் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். டெங்கு இருக்கலாம், மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை வேண்டும். பரசிட்டமோல் தவிர வேறு வலிக் குளிசை போடக்கூடாது.

இப்போதைக்கு உங்களுக்குப் பரசிட்டமோல், சுடுநீர், நித்திரை. எப்போதாவது மருத்துவரிடம் போக நேர்ந்தால், அந்த இரண்டு கப்சூலையும் எந்த நாளில் போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். கல்ச்சர் எடுக்கும் முன் அன்டிபயோட்டிக் உள்ளே போயிருந்தால் கிருமி வளராமலே ரிப்போர்ட் வரலாம், நாங்களும் ஒன்றுமில்லை என்று ஏமாந்துபோவோம்.