குழி மூடுவதற்கு முன் எடுத்த அளவு

கேள்வி: திருகோணமலையில் விடுதிக் கட்டடமொன்றை அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி வேலைகளுக்கு ‘ஆஸ் பில்ட்’ வரைபடம், அதாவது உண்மையில் எங்கே எப்படிப் போட்டோமோ அதை அப்படியே காட்டும் வரைபடம், கேட்கிறார்கள். கையிலிருக்கும் பழைய வரைபடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தால் ஏற்பார்களா?

ஏற்பார்கள். நானே ஒருமுறை ஏற்றுக் கையெழுத்திட்டேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உப்புவெளிப் பக்கம் இரண்டு மாடி விடுதி ஒன்று. நான் உரிமையாளர் தரப்பு மேற்பார்வையாளன். ஒப்படைத்து இரண்டாவது வருடம் முற்றத்தில் புதிய அறை கட்ட பெக்கோ இறக்கினோம். வரைபடத்தில் பிரதான தண்ணீர்க் குழாய் சுவரிலிருந்து 1 மீற்றரில் நேர்கோடாக ஓடியது. நாங்கள் தோண்டியது 3 மீற்றர் தள்ளி. அங்கேதான் 63 மில்லிமீற்றர் குழாய் உடைந்து பீறிட்டது. அடைக்க வால்வைத் தேடினால், வரைபடம் காட்டிய இடத்தில் வெறும் மணல். கடைசியில் நடைபாதைக் கல்லுக்கு அடியில் கண்டெடுத்தோம். அன்று முழுவதும் விருந்தினருக்குத் தண்ணீர் இல்லை.

நடந்தது இதுதான்: கட்டும்போது நிலத்தடி நீர் மேலே நின்றதால் கழிவுநீர் உறிஞ்சு குழியை இடம் மாற்றியிருக்கிறார்கள். குடிநீர்க் குழாய் அதற்கு அருகில் போகக் கூடாதென்று பிளம்பர் வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அவர் செய்தது சரி. யாரும் அதைத் தாளில் குறிக்கவில்லை. எனக்கு வந்த வரைபடத்தில் ஆழம் ஓரிடத்திலும் இல்லை, குழாயெல்லாம் ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு, திருத்த எண்ணும் கட்டுமான வரைபடத்தில் இருந்த அதே எண். இந்த மூன்றையும் பார்த்தே நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

அதன் பிறகு என் தளங்களில் குறிப்பதற்கென்றே தனியாக ஒரு தொகுதி வரைபடம் வைத்திருக்கிறேன். வேலைக்கு அதை யாரும் எடுப்பதில்லை. புதிதாகப் போட்டது சிவப்பு, போடாமல் விட்டது பச்சை, குறிப்புகள் நீலம். தாளின் மூலையிலேயே அந்த விளக்கத்தையும் எழுதுவேன். புதைக்கும் எதையும் குழி மூடுவதற்கு முன் இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து அளக்க வேண்டும். உதாரணமாக ஒரு வால்வு: கட்டடத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து 6.40 மீற்றர், தென்கிழக்கு மூலையிலிருந்து 8.15 மீற்றர், சுவருக்கு வெளியே கிழக்குப் பக்கம், முடிந்த தரைமட்டத்திலிருந்து குழாயின் மேற்புறம் 0.75 மீற்றர். எந்தப் பக்கம் என்பதை விட்டால் அதே இரண்டு அளவும் சுவருக்கு உட்புறத்திலும் ஓரிடத்தில் சந்திக்கும். வேலியையும் மரத்தையும் புள்ளியாக எடுக்காதீர்கள், அவை நிற்கும் என்று நம்ப முடியாது. திகதியும் அளந்தவர் கையொப்பமும் வேண்டும். அளவு நாடாவைக் குழியில் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒரு வால்வுக்குப் பத்து நிமிடம் போதும்.

உங்கள் குழிகளை ஏற்கெனவே மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குழாய் போட்டவர் ஊரில் இருக்கும்போதே அழைத்து, அவர் சொல்லும் வளைவுகளிலும் கிளைகளிலும் மட்டும் கைமண்வெட்டியால் சோதனைக் குழி எடுங்கள். மின்கம்பியைக் கருவி வைத்துத் தேடலாம். பிளாஸ்டிக் குழாய் அந்தக் கருவிக்கு அகப்படாது. தோண்டிப் பார்க்காத பகுதியைத் துண்டு துண்டான கோடாக வரைந்து ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். அதை எழுதினால் ஒப்பந்தப் பணத்தைப் பிடிப்பார்கள் என்று பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நிச்சயமில்லாத இடத்தில் முழுக்கோடு போட்டால் நாளை யாரோ அதை நம்பி பெக்கோ இறக்குவார்.

படவரைஞர் புதிதாக வரைந்து தந்ததும், குறித்த தாளை அருகில் வைத்து ஒவ்வொரு குறிப்பாக ஏறியிருக்கிறதா என்று மஞ்சள் பூசிக்கொண்டே வாருங்கள். எண்கள் இடம்மாறுவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு அந்த வேலையில் இல்லாத ஒருவரிடம் வரைபடத்தையும் நாடாவையும் மட்டும் கொடுத்து ஐந்து வால்வுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் மூடி, வரைபடம் சொல்லும் குழாய்களில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். மின் பலகையிலும் அப்படியே: ஒரு பிரேக்கரை இறக்கினால் அட்டவணையில் உள்ள அறை மட்டும் அணைய வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் நான் மீதி எல்லாவற்றையும் பார்க்காமல் ஏற்பதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த விடுதியின் பம்ப் அறையில் வால்வுப் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் தொங்கியது. காவலாளி மூதூர்க்காரர், தமிழ் நன்றாக வாசிப்பார். குழாய் உடைந்தபோது முதலில் ஓடிப்போனவர் அவர்தான். பட்டியலுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரச் சொன்னதற்கு, அது ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. நானே தமிழில் எழுதி ஒட்டினேன், இன்றும் அங்கே இருக்கிறது.