“நான் சொன்னது அது இல்லை”

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு “வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டுமா” என்று ஒரு விவாத வகுப்பு நடத்தப் போகிறேன். 40 பேர். பிடித்த பக்கத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஐந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள். நடுவராக யாரைக் கூப்பிடலாம்? பேச்சுத்திறன், கருத்து, உச்சரிப்பு என்று மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கலாம்? வகுப்பின் கைதட்டலுக்கும் கொஞ்சம் மதிப்பெண் வைக்க யோசனை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நடுவர் வேண்டாம். மதிப்பெண்ணும் வேண்டாம். கைதட்டலுக்கு மதிப்பெண் என்பதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. காரணம் உண்டு.

1988 டிசம்பரில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மாதம் அது. எங்கள் பள்ளியிலும் அதே தலைப்பு. நான் எதிர்ப்பக்கம். எனக்கு முன்னால் பேசியவன் என் பெஞ்சுக்காரன். குடும்பத்துக்காகத் தறியில் உட்கார்ந்து ஒரு வருடம் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவன். திக்கித் திக்கி ஒன்றைச் சொன்னான்: “வீட்டை நடத்துறவன் நாட்டைப் பத்திச் சொல்லக் கூடாதா?” நான் எழுந்து, “மீசையே முளைக்கல, ஓட்டு கேக்குதா?” என்றேன். அரங்கம் அதிர்ந்தது. எவர்சில்வர் டம்ளர் எனக்குத்தான் கிடைத்தது. அவன் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு பள்ளி முடியும்வரை அவன் மேடை ஏறவில்லை.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு விதிக்காக மன்றாடுகிறேன். எதிரில் இருப்பவர் சொன்னதை, அவரே “ஆமாம், அதுதான் நான் சொன்னது” என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லாமல் யாரும் மறுத்துப் பேசக் கூடாது. இது வெளியிலிருந்து வந்த சமாச்சாரம் இல்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் பிறர் கட்சியான பரபக்கத்தை முதலில் வைத்தார். கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதன் என்ன சொல்கிறான் என்பது முதலில் வரும், அதற்கான மறுப்பு அடுத்து வரும். தன் கட்சியான சுபக்கம் அதற்கெல்லாம் பிறகுதான்.

இனி வகுப்புக்கு வருகிறேன். பத்துப் பேர் பேச முப்பது பேர் வேடிக்கை பார்ப்பது வகுப்பே அல்ல. நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள், பத்துக் குழு கிடைக்கும். குழுவுக்குள் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். பக்கத்தைச் சீட்டு முடிவு செய்யட்டும். பிடித்த பக்கத்தை எடுக்கவிட்டால் ஏற்கெனவே நம்புவதை இன்னும் உரக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். பாதியில் பக்கத்தை மாற்றியும் விடுங்கள். இந்த நால்வர் முறையை வகுத்தவர்கள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சனும் ரோஜர் ஜான்சனும்.

தலைப்பையும் இறுக்குங்கள். “கட்டாயம்” என்றால் ஒருவர் சிறை என்று நினைப்பார், இன்னொருவர் அறிவுரை என்று நினைப்பார். “காரணமின்றி வாக்களிக்காதவருக்குச் சிறு அபராதம் விதிக்கும் சட்டம் வேண்டும்” என்று வையுங்கள்.

தயாரிப்புக்கு ஒரு முழுப் பீரியட் கொடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தகவல் தாளைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் நல்ல போன் வைத்திருக்கும் பிள்ளைதான் ஜெயிக்கும். தாளில் நிறைய வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வாக்குப்பதிவு 60 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 1924-இல் கட்டாயமாக்கினார்கள், 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. இன்று அங்கே அபராதம் 20 டாலர். அங்கே செல்லாத வாக்குகள் 5 சதவீத அளவுக்கு விழுகின்றன என்பதையும் போடுங்கள், எதிர்ப்பக்கத்துக்கு அது வேண்டும். குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்படிக் கொண்டுவந்த சட்டத்தை 2015-இல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நோட்டா 2013-இலிருந்து இருக்கிறது. இவ்வளவு போதும்.

இரண்டாவது பீரியட்தான் விவாதம். ஒரு ஜோடி மூன்று நிமிடம் பேசும், எதிர்ஜோடி வாயைத் திறக்காமல் குறிப்பெடுக்கும். பிறகு எதிர்ஜோடி ஒரு நிமிடத்துக்குள் அதைத் திருப்பிச் சொல்லும். “ஆமாம்” கிடைத்தால்தான் அவர்கள் முறை. இந்த இடத்தில்தான் வகுப்பு கெட்டுப்போகும், நன்றாகக் கவனியுங்கள்.

தோழி ஒருத்தியின் வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் சொன்னாள்: “எங்க அப்பா கேரளாவுல கொத்தனார். ஓட்டுப் போட வந்தா மூணு நாள் கூலி போகும். அதுக்கு மேல அபராதமும் கட்டணுமா?” எதிரில் இருந்த பையன் திருப்பிச் சொன்னான்: “ஏழைங்க ஓட்டுப் போட மாட்டாங்கன்னு சொல்றே, ஆனா…” அவள் உடனே, “நான் சொன்னது அது இல்லை” என்றாள். அவன் மறுபடி முயன்றான்: “அபராதம் அதிகம்னு சொல்றே.” அதுவும் இல்லை என்றாள். அவன் குறிப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “போட ஆசைதான், ஆனா பேர் ஊர்ல இருக்கு, வேலை வெளியில இருக்கு. போட வழி செய்யாம போடலைன்னு தண்டிக்கிறது தப்புன்னு சொல்றே.” அவள் தலையாட்டினாள்.

அதற்கு அவன் சொன்ன பதில் தகவல் தாளிலேயே இல்லாதது. “கட்டாயம்னு சட்டம் வந்தா, உங்க அப்பா இருக்கிற இடத்துலயே ஓட்டுப் போட அரசாங்கம் வழி செஞ்சே ஆகணும். கட்டாயம் அவருக்கு மட்டுமில்ல, அரசாங்கத்துக்கும்தான்.” ஆஸ்திரேலியாவில் சனிக்கிழமைகளில் தேர்தல் வைப்பதும், முன்கூட்டியும் அஞ்சலிலும் வாக்களிக்க இடம் கொடுப்பதும் இந்த வாதத்துக்குத்தான் வலு சேர்க்கின்றன. முதல் முறையே அவனைப் பேசவிட்டிருந்தால், ஏழைகளைப் பற்றி ஏதோ ஒன்றை முழங்கிவிட்டு உட்கார்ந்திருப்பான்.

திருப்பிச் சொல்லும்போது “ஆனா” வந்தால் அது திருப்பிச் சொல்வதில்லை, மறுப்பு தொடங்கிவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள். முரண்டு பிடித்து “இல்லை, இல்லை” என்றே சொல்லும் பிள்ளையும் இருக்கும். இரண்டு முறைக்கு மேல் போனால் பேசியவர் தன் வாதத்தை ஒரே வாக்கியமாகச் சொல்லட்டும், எதிர்ஜோடி அதை எழுதிக்கொண்டு படித்துக் காட்டட்டும். பத்துக் குழு ஒரே நேரத்தில் பேசினால் சந்தை மாதிரி இருக்கும், இருக்கட்டும். ஒரு குழு மட்டும் அமைதியாக இருந்தால் அங்கே போங்கள். ஒருவர் பேச மூவர் சும்மா இருப்பார்கள்.

மூன்றாவது பீரியடில் பக்கங்களைக் கலைத்துவிடுங்கள். நால்வரும் சேர்ந்து எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று அரைப் பக்கம் எழுதட்டும். சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தன் கருத்தை மூன்று வரியில் எழுதி வாங்கிக் கவரில் போட்டு வைத்திருங்கள். கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கீழேயே எழுதச் சொல்லுங்கள்: கருத்து மாறியதா, எதிர்ப்பக்கத்தின் எந்த வாதத்துக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை? கருத்து மாறாத பிள்ளையைக் குறைவாக நினைக்காதீர்கள். இரண்டாவது கேள்வியை வெறுமையாக விட்ட பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

என் பெஞ்சுக்காரன் 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டான். எனக்கு அப்போது வயது போதவில்லை. விரலில் மையோடு தறிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவனைத் தெருவில் பார்த்தேன். அன்றைக்கும் நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் எழுதுங்கள். “நான் சொன்னது அது இல்லை” என்று எத்தனை பிள்ளைகள் சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும்.