பல் தேய்ப்பது காலையிலா, இரவிலா?

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். அதிகாலை 4 மணிக்கு இனிப்புப் போட்ட கட்டன் சாயா குடித்துவிட்டுக் கிளம்பினால், திரும்பி வந்து 10 மணிக்குத்தான் பல் தேய்ப்பேன். இரவில் தேய்க்கும் பழக்கம் இல்லை. அழுத்தித்தான் தேய்க்கிறேன், ஆனாலும் கீழ்ப்பல்லின் உள்பக்கம் மஞ்சளாகப் பிடிக்கிறது, துப்பினால் ரத்தம் வருகிறது. காலையில் தாமதமாகத் தேய்ப்பதுதான் காரணமா?

பதில்: 10 மணிக்குத் தேய்ப்பதில் பெரிய குற்றம் இல்லை. இரவை விட்டுவிடுகிறீர்களே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் எனாமலின் மேல் கண்ணுக்குத் தெரியாத சவ்வாகப் படிந்துவிடும். அது பல்லுக்குக் காப்புத்தான். ஆனால் அதில்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் முதலில் வந்து ஒட்டுகின்றன. சில மணி நேரத்தில் அவை பெருகி, ஒரு பசையைச் சுரந்து அதற்குள்ளேயே குடியிருக்கத் தொடங்குகின்றன. துவைக்கிற கல்லில் பிடித்த பாசியைப் பாருங்கள், மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் போகாது, தேய்த்தால்தான் போகும். இதுவும் அப்படித்தான். வாய் கொப்பளித்தாலும் சரி, மவுத்வாஷ் விட்டாலும் சரி, மேல் அடுக்கோடு நின்றுவிடும்.

முதல் நாள் இந்தப் பாக்டீரியாப் படலத்தால் ஈறுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. தொடாமல் விட்டால் அது தடிக்கும், அடியில் ஆக்சிஜன் குறையும், காற்று வேண்டாத வேறு வகை பாக்டீரியாக்கள் வந்து சேரும். அவற்றின் கழிவுகள் ஈறை உறுத்த, உடம்பு அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டும். ஈறு சிவந்து வீங்கி, பிரஷ் பட்டாலே கசியும். ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஈறு உள்ளவர்களைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஒரு வாரத்தை ஒட்டி அது சரியாகிவிட்டது.

நீங்கள்தான் தினமும் தேய்க்கிறீர்களே, பிறகு ஏன் ரத்தம்? பிரஷ் படுகிற இடத்தில் படலத்தின் வயது அதிகம் போனால் 24 மணி நேரம். பிரஷ் படாத இடத்தில் அது வாரக்கணக்கில் பழையது. கீழ்முன்பல்லின் உள்பக்கம் பெரும்பாலோர் தவறவிடுகிற இடம். போதாததற்கு, நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படலத்தில் இறங்கி, ஓரிரு நாளிலேயே அது இறுகத் தொடங்கலாம். விரல் நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவுபோல வந்தால் படலம், பிரஷ் போதும். கல்போல நின்றால் காரை, அதை இனி எந்த பிரஷும் எடுக்காது.

அப்புறம் உங்கள் சாயா. 10 மணிக்குத் தேய்த்தபின் மறுநாள் விடியலில் சாயா குடிக்கும்போது பல்லின் மேல் 18 மணி நேரப் படலம் இருக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைவதால், இரவு தின்றதன் மிச்சத்தில் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தைக் கழுவ ஆள் இல்லை. அதன் மேல் சர்க்கரையும் சேர்ந்தால், எனாமலில் அமிலத்தின் வேலை அரை மணி நேரத்துக்கும் மேல் நடக்கும்.

ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பின், மரச்சீனியும் மீனும் ஆனாலும் சரி, படுக்கும் முன் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டு, தண்ணீர் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட். நுரையைத் துப்பினால் போதும், திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வேண்டாம். கீழ்முன்பல்லுக்கு பிரஷை நெட்டாகப் பிடித்து, நுனி மயிர் ஈறு ஓரத்தில் படும்படி ஒவ்வொரு பல்லாக மேல்நோக்கி இழுங்கள். அழுத்தம் வேண்டாம், அழுத்தினால் ஈறு இறங்கி வேர் தெரியும். உமிக்கரியை விட்டுவிடுங்கள், எனாமலைத் தேய்க்கும். பல் இடுக்குக்கு பிரஷ் போகாது, அங்கே நூலோ இடுக்கு பிரஷோ வேண்டும். காலையில் 10 மணிக்கே தேய்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தவிர்க்காதீர்கள், தவிர்த்தால் படலம் அங்கேயே முற்றும். நகத்துக்குக் கல்லாகத் தட்டுப்பட்டால் முதலில் பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்து காரையை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் இப்படித் தேய்த்தும் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது பல் ஆடினால், சீழ் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். ஈறுக்கு உள்ளே காரை இருக்கலாம். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுத்தாலோ அதையும் சொல்லுங்கள். புகை பிடிப்பவருக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் குறைவாகவே தெரியும், அதனால் அவர்கள் ரத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.